பால்ஸ் சீலிங்: எத்தனை போர்டு, எத்தனை சேனல்?

என் அறை 14க்கு 11 அடி, அதாவது 154 சதுர அடி. 6க்கு 4 ஜிப்சம் போர்டு ஒன்று 24 சதுர அடி. 7 போர்டு போதாதா?

கணக்குக்குப் போதும், வேலைக்கு 8 வேண்டும். போர்டின் 6 அடி நீளத்தை 14 அடிப் பக்கமாக வைத்தால் 4, 4, 3 அடி அகலத்தில் மூன்று வரிசை வரும். ஒரு வரிசைக்கு 14 அடி வீதம் மொத்தம் 42 அடி; ஆறால் வகுத்தால் சரியாக 7. ஆனால் முதல் வரிசையில் 6, 6, 2 என்று போட்டதும் மிஞ்சும் 4 அடித் துண்டை அப்படியே இரண்டாம் வரிசையின் தொடக்கத்தில் வைக்க முடியாது. போர்டைத் திருகும் தகரச் சட்டமான சீலிங் செக்‌ஷன் ஒன்றரை அடிக்கு ஒன்றாக வருவதால், போர்டின் முனைகள் சேரும் இடம் 3 அடியிலோ நாலரை அடியிலோ விழ வேண்டும். 4 அடியில் விழுந்தால் முனை அந்தரத்தில் தொங்கும். பட்டி பூசினாலும் அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். அதனால் துண்டை 3 அடியாக வெட்டி, 3, 6, 5 என்று போடுங்கள். மூன்றாவது வரிசை மறுபடி 6, 6, 2. 3+2+3, ஆக 8.

அதே அறைக்கு கம்பி வேலைக்கு என்னென்ன வாங்குவது?

எல்லாம் 12 அடி நீளத்தில் வரும். சீலிங் செக்‌ஷனை 11 அடிப் பக்கமாக ஓட்டினால் எங்கும் ஒட்டு வராது. சுவரிலிருந்து ஒன்றரை அடிக்கு ஒன்றாக, பதிமூன்றரை அடி வரை 9 செக்‌ஷன். அதற்குக் குறுக்கே, மேலே, 4 அடி இடைவெளியில் இன்டர்மீடியட் சேனல் மூன்று வரிசை. ஒவ்வொன்றும் 14 அடி என்பதால் இரண்டடிச் சொச்சத் துண்டு சேர்த்து, அரையடி மேலேறப் பொருத்த வேண்டும். 4 சேனல் வாங்கினால் போதும். சுவரைச் சுற்றி 50 அடி, பெரிமீட்டர் சேனல் 5. செக்‌ஷனும் சேனலும் சந்திக்கும் 27 இடத்துக்கும் கிளிப் வேண்டும்.

தொங்கல் ஆங்கிள் ஒவ்வொரு சேனலிலும் 4 அடிக்கு ஒன்று: 1, 5, 9, 13 அடியில். மூன்று வரிசைக்கு 12, அவற்றைத் தளத்தில் பிடிக்க அதே எண்ணிக்கையில் கிளீட்டும் டேஷ் பாஸ்ட்னரும். தளத்திலிருந்து தொங்கல் ஓரடிக்குள் என்றால் 12 அடி ஆங்கிள் ஒன்றிலேயே வந்துவிடும், கூடினால் இரண்டு.

செக்‌ஷனை 2 அடிக்கு ஒன்றாகப் போட்டால் மூன்று மிச்சமாகும் என்கிறார் வேலையாள். சரியா?

வேண்டாம். 12.5 மி.மீ. போர்டுக்கு ஒன்றரை அடிதான் வழக்கமான அளவு. போட்ட அன்று ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒருநாள் சுவரோர விளக்கைப் போட்டு, வெளிச்சம் சாய்வாக விழும்போது பாருங்கள், இரண்டு செக்‌ஷனுக்கு நடுவே தொய்வு தெரியும். மிச்சம் பிடிப்பதானால் வேறெதிலாவது பிடியுங்கள்.

ஃபேனை இந்த சேனலில் மாட்டலாமா?

கூடாது. கான்கிரீட் தளத்தின் கொக்கியிலிருந்தே தனிக் கம்பி இறக்குங்கள். ஸ்பாட் லைட்டுக்கு ஓட்டை போடும்போதும் செக்‌ஷன் ஓடும் கோட்டை முதலில் பென்சிலால் குறித்து, அதைத் தவிர்த்து வெட்டச் சொல்லுங்கள்.