கணுக்காலில் தடித்துக் கறுத்த தோல்: களிம்பு பூசியும் ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 54. உட்லண்ட்ஸில் இருக்கிறேன். இடது கணுக்காலின் வெளிப்பக்கம் உள்ளங்கை அளவுக்குத் தோல் தடித்து, கறுத்து, யானைத்தோல் மாதிரி ஆகிவிட்டது. ஒன்றரை வருஷமாக அரிப்பு. ராத்திரி டிவி பார்க்கும்போதும் படுத்த பிறகும்தான் அதிகம். பலதுறை மருந்தகத்தில் குளோபெட்டசோல் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் அரிப்பு நின்றது, விட்டேன், மறுபடியும் வந்துவிட்டது. ஜோகூரிலிருந்து என் தங்கை வாங்கி வந்த 'மூன்று மருந்து சேர்ந்த' கிரீமும் போட்டுப் பார்த்தேன். சுடுதண்ணீர் ஊற்றினால்தான் நிம்மதி. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். இது படையா? வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா?

பதில்: ஒட்டாது. நீங்கள் சொல்வது லைக்கன் சிம்ப்ளெக்ஸ் என்ற நிலைக்கு நன்றாகப் பொருந்துகிறது. கிருமியால் வருவதல்ல இது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சொறிந்ததால் தோல் கொடுத்த பதில். முதலில் ஒரு கொசுக்கடியோ வறட்சியோ செருப்பு வாரின் உராய்வோ இருந்திருக்கலாம். அது எப்போதோ போயிருக்கும். சொறிதல் மட்டும் தங்கிவிட்டது.

ஆனாலும் படை இல்லை என்பதை ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள், காரணம் அந்த ஜோகூர் கிரீம். அப்படிப்பட்ட கிரீம்களில் பெரும்பாலும் ஸ்டீராய்டு, பூஞ்சைக்கான மருந்து, பாக்டீரியாவுக்கான மருந்து மூன்றும் கலந்திருக்கும். படை இருக்கும் இடத்தில் ஸ்டீராய்டு பட்டால் வட்டமான சிவந்த விளிம்பு மறைந்துபோகும். பார்த்தால் படை மாதிரியே இருக்காது, ஆனால் உள்ளுக்குள் பரவிக்கொண்டிருக்கும். மருத்துவர் மேல்தோலைக் கொஞ்சம் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். போகும்போது கால்விரல் இடுக்குகளையும் காட்டுங்கள். காலில் வரும் படை பெரும்பாலும் அங்கிருந்துதான் ஏறும். நம் பகுதி மக்களிடம் முன்னங்காலில் அரிசிமணி போலச் சின்னச் சின்ன மேடுகள் வரிசையாக, அலை அலையாக வருவதும் உண்டு. அது அமிலாய்டு என்ற புரதம் தோலில் படிவதால் வருவது. அதற்கும் சொறிதலை நிறுத்துவதுதான் அடிப்படை, ஆனால் குணமாக இன்னும் அதிக நாளாகும்.

இனி ஏன் திரும்பி வந்தது என்பதைப் பார்ப்போம். கொடுத்த மருந்து சரியானதுதான். நிறுத்திய நேரம்தான் தவறு.

சொறியும்போது தோலில் ஏற்படும் சின்ன வலி, தண்டுவடத்தில் அரிப்புச் செய்தியைச் சில நிமிடங்களுக்கு அமுக்கிவிடுகிறது. அதனால்தான் அவ்வளவு சுகம். சுடுதண்ணீர் தரும் நிம்மதியும் ஏறக்குறைய இதே வழியில்தான் வருகிறது. ஆனால் நகம் பட்ட தோல் தன்னைக் காத்துக்கொள்ள மேலே மேலே அடுக்குப் போட்டுத் தடிக்கிறது. தடித்த தோல் ஈரத்தைப் பிடித்துவைக்க முடியாமல் வறண்டு வெடிக்கிறது. அடிபட்ட செல்கள் வெளியிடும் வேதிப்பொருள்கள் அங்குள்ள நரம்பு நுனிகளைத் தூண்டிவிடுகின்றன. கடைசியில் போர்வை உரசினால்கூட அரிக்கும் நிலை வந்துவிடுகிறது. சுடுதண்ணீர் தோலின் எண்ணெய்ப் பசையையும் கழுவிவிடுவதால் அரை மணி நேரத்தில் அரிப்பு இன்னும் வேகமாகத் திரும்பும்.

குளோபெட்டசோல் என்ற ஸ்டீராய்டு இந்தச் சுழற்சியில் அரிப்பைத்தான் முதலில் அடக்கும், பல நேரம் ஒரு வாரத்துக்குள்ளேயே. தடிப்பு இறங்க அதற்குப் பிறகும் பல வாரங்கள் வேண்டும். நீங்கள் நிறுத்தியபோது அரிப்புதான் போயிருந்தது. அரிப்பை உண்டாக்கும் தடித்த தோல் அப்படியே இருந்தது. அதனால் மருந்தை எப்போது குறைப்பது என்பதை அரிப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள், விரலை வைத்து முடிவு செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, நல்ல தோலிலிருந்து அந்த இடத்துக்கு ஆள்காட்டி விரலை மெதுவாக நகர்த்துங்கள். இப்போது விளிம்பில் ஒரு படி ஏறுவதுபோல் தெரியும். தோலின் கோடுகள் ஆழமாக, கட்டம் கட்டமாகத் தட்டுப்படும். அந்தப் படி தெரியாமல் போகும்வரை சிகிச்சை முடியவில்லை. நிறத்தைப் பார்க்க வேண்டாம், அது கடைசியில்தான் மாறும்.

மருந்தின் அளவைச் சொல்கிறேன். வாங்கும்போது கிரீமைவிட ஆயின்மென்ட் வகையே நல்லது. பிசுபிசுப்பு அதிகம்தான், ஆனால் தடித்த தோலுக்குள் அதுதான் நன்றாக இறங்கும். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். அது விரல்களோடு சேர்த்து இரண்டு கை அகலத்துக்குப் போதும். உங்கள் இடத்துக்கு ஒரு வேளைக்கு அதில் பாதிக்கு மேல் தேவையே இல்லை. காலையும் இரவும் பூசினால் நாளுக்கு அரை கிராம், ஆக 15 கிராம் டியூப் ஒரு மாதம் வரும். ஒரே வாரத்தில் தீர்ந்துவிட்டால் சுற்றியுள்ள நல்ல தோலிலும் பூசுகிறீர்கள் என்று பொருள். அங்கே தோல் மெலிந்து, பளபளத்து, இரத்தக்குழாய் தெரிய ஆரம்பிக்கும். தடித்த இடத்தின் விளிம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படை இல்லை என்று தெரிந்த பிறகு, வழக்கமாக இப்படிப் போவோம்: இரண்டு வாரம் தினமும் இரு வேளை, பிறகு மருத்துவர் பார்ப்பார். தடிப்பு மிச்சம் இருந்தால் இன்னும் இரண்டு வாரம். குளோபெட்டசோல் மிகவும் வீரியமுள்ள மருந்து என்பதால் அதற்கு மேல் அவர் பார்க்காமல் தினமும் பூசக் கூடாது. விளிம்புப் படி மறைந்ததும் சட்டென்று விடாமல், இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு இரண்டு மூன்று மாதம் வாரத்தில் இரண்டு நாள் மட்டும். பலரும் தவறவிடுவது இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். பார்க்கத் தோல் நன்றாக இருக்கும்போது எதற்கு மருந்து என்று தோன்றும். ஆனால் நரம்பு நுனிகள் அடங்க அந்தக் காலம் வேண்டும். இடையிடையே வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரைக் குளித்த ஈரம் காய்வதற்குள் தடவுங்கள். யூரியா கலந்தது தடித்த தோலை இளக்கும், ஆனால் வெடிப்பு இருந்தால் எரியும். வெடிப்பு ஆறிய பிறகு தொடங்கலாம்.

மருந்து பாதிதான், மீதி சொறிதலைத் தடுப்பது. 'சொறியாதீர்கள்' என்று சொல்வதால் யாரும் நிறுத்தியதில்லை. பாதிச் சொறிதல் தன்னை அறியாமல் நடப்பது. டிவி பார்க்கும்போது உங்கள் வலது குதிகால் இடது கணுக்காலைத் தேய்க்கிறதா என்று வீட்டில் ஒருவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். வெளிக்கணுக்காலில் வரும் தடிப்புக்கு விரல்களைவிட மற்றக் காலே காரணமாக இருப்பதுண்டு. அப்படியென்றால் நகம் வெட்டுவதால் மட்டும் பயன் இல்லை. அந்த நேரத்தில் வலது காலுக்குக் காலுறை போட்டு, இரண்டு காலையும் தனித்தனியே வைத்து உட்கார வேண்டும்.

விழித்திருக்கும்போது அரிப்பு எழுந்தால் இரண்டு கையையும் இறுக்கி மூடி முப்பது விநாடி வைத்திருங்கள். பிறகும் அரித்தால் அந்த இடத்தைச் சொறியாமல் உள்ளங்கையால் அழுத்துங்கள், அல்லது குளிர்ந்த ஈரத்துணியை ஐந்து நிமிடம் வையுங்கள். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்க வேண்டாம். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் குளிரில் தோல் கருகுவதுகூடத் தெரியாது. தைலமும் அப்படித்தான்: முதலில் ஜில்லென்று இருக்கும், வெடித்த தோலில் பிறகு எரிந்து அரிப்பைக் கிளப்பும்.

தூக்கத்தில் மனவுறுதி வேலை செய்யாது, தடுப்புதான் வேலை செய்யும். இரவு ஆயின்மென்ட் பூசிக் கால் மணி நேரம் கழித்து, மெல்லிய காஸ் துணி வைத்து, பருத்திக் குழாய்க் கட்டுத் துணியை இறுக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள். அறை சூடாக இருந்தால் அரிப்பு கூடும். மின்விசிறியோ ஏர்கானோ போட்டு, காலைப் போர்வைக்கு வெளியே வையுங்கள். ஏர்கான் காற்று நேரே காலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வறட்சி கூடும். சமையலறை பிளாஸ்டிக் உறையைச் சுற்றினால் மருந்து நன்றாக இறங்கும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் இறங்கும் அளவு பல மடங்காகிவிடும். நம் ஊர் வெக்கையில் உள்ளே வியர்த்து மயிர்க்கால்களில் சீழ்க்கட்டியும் வரும். குளோபெட்டசோலோடு அதைச் சொந்தமாகச் செய்யாதீர்கள். மூடிவைக்க வேண்டிய அளவுக்குத் தடிப்பு இருந்தால் துத்தநாகப் பசை தடவிய கட்டைத் தாதி சுற்றிவிடுவார். அதை வாரம் ஒரு முறை மாற்றினால் போதும். சர்க்கரை இருப்பதால், எந்த இறுக்கமான கட்டுக்கும் முன்பு காலின் இரத்த ஓட்டத்தைச் சோதித்துவிட வேண்டும்.

அரிப்பு மாத்திரைகளில் தூக்கக் கலக்கம் தராத வகை இதற்குப் பெரிதாக உதவாது, ஏனென்றால் அது தடுப்பது ஒவ்வாமையில் உடம்பு வெளியிடும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை, இந்த அரிப்பு பெரும்பாலும் அதனால் வருவதல்ல. இரவில் தூக்கம் தரும் ஹைட்ராக்சிசின் போன்றதைச் சில வாரங்கள் கொடுப்பதுண்டு. உடனிருக்கும் மற்ற மருந்துகளையும் இதயத்தையும் பார்த்துத்தான் தருவார்கள். மறுநாள் காலை தள்ளாட்டம் வரலாம்.

முறையாக நான்கு வாரம் பூசியும் விளிம்புப் படி குறையவில்லை என்றால் பலதுறை மருந்தகத்திலிருந்து நேஷனல் ஸ்கின் சென்டருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அப்படிப் போனால் சலுகைக் கட்டணம் கிடைக்கும். அங்கே தடிப்புக்குள்ளேயே டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடலாம், தேவைப்பட்டால் சதைச் சோதனையும் செய்யலாம். ஊசியால் தோல் மெலிவதும், நம் நிறத்தில் வெள்ளைத் திட்டு விழுவதும் உண்டு. அதனால் அதை முதல் சிகிச்சையாகக் கேட்க வேண்டாம். கையில் இருக்கும் எல்லா டியூபையும், அந்த ஜோகூர் கிரீமையும் சேர்த்து, எடுத்துப் போங்கள்.

நீர் வடிதல், மஞ்சள் பொருக்கு, சுற்றிலும் சிவந்து சூடாதல், ஆறாத வெடிப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் காத்திருக்காமல் அன்றே காட்டுங்கள். அரிப்பு உடம்பு முழுவதும் பரவினால் அது வேறு கணக்கு. சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரும்புச்சத்து ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை வேண்டியிருக்கும்.

கறுப்பு நிறம் தோல் மிருதுவான பிறகும் ஆறு மாதம், ஒரு வருடம்கூட இருக்கும். அதைப் போக்க வெள்ளையாக்கும் கிரீமோ படிகாரக் கல்லோ பீர்க்கங்கூடோ வைத்துத் தேய்த்தால், தேய்ப்பதும் தோலுக்குச் சொறிவதுதான். பழைய இடத்தில் என்றாவது மீண்டும் அரிப்பு தொடங்கினால், தடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றிரவே குழாய்க் கட்டை மாட்டிவிட்டு, இரண்டு மூன்று நாள் ஆயின்மென்டைப் பூசுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.