12 வோல்ட் பேட்டரியிலிருந்து 12 வோல்ட் ஏசி ஏன் கிடைப்பதில்லை?

கேள்வி: 12 வோல்ட் பேட்டரி, ஹெச்-பிரிட்ஜ், 10 கிலோஹெர்ட்ஸ் சைன் பல்ஸ் விட்த் மாடுலேஷன். 12-க்கு 230 டிரான்ஸ்ஃபார்மரை மாட்டினால் சுமார் 145 வோல்ட்தான் வருகிறது. கோடில் தப்பா, மாஸ்ஃபெட்டில் தப்பா?

இரண்டிலும் இல்லை, டிரான்ஸ்ஃபார்மர்தான் பொருந்தவில்லை. உங்கள் இன்வர்ட்டர் கணக்குப்படி எவ்வளவு தர வேண்டுமோ அவ்வளவைத்தான் தந்துகொண்டிருக்கிறது.

10 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு பல்ஸுக்கும் 100 மைக்ரோசெகண்ட் இடம். 50 ஹெர்ட்ஸின் ஒரு முழு அலைக்குள் 200 பல்ஸ்கள் வரும். மாடுலேஷன் இண்டெக்ஸ் 0.9 என்று வையுங்கள். சைன் அலை 30 டிகிரியில் இருக்கும்போது அதன் மதிப்பு 0.5, ஆக பல்ஸ் 45 மைக்ரோசெகண்ட் ஆனில் இருக்கும். அந்த 100 மைக்ரோசெகண்டின் சராசரி 5.4 வோல்ட். 90 டிகிரி உச்சியில் 90 மைக்ரோசெகண்ட் ஆன், சராசரி 10.8 வோல்ட். பிரிட்ஜ் எப்போதும் முழு 12 வோல்ட்டைத்தான் போட்டு எடுக்கிறது. எவ்வளவு நேரம் போடுகிறது என்பதுதான் சைனாக ஏறி இறங்குகிறது. ஃபில்டர் அந்தச் சராசரியை மட்டும் வெளியே விடும்.

சரி, இப்போது உச்சி 10.8 வோல்ட். ஏசி என்று நாம் சொல்லும் எண் ஆர்எம்எஸ், 10.8-ஐ 1.414-ஆல் வகுத்தால் 7.64 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் அதை 19.17 மடங்காக்குகிறது: 146 வோல்ட். உங்கள் மீட்டர் காட்டியது இதுதான். இண்டெக்ஸை 1 வரை தள்ளினாலும் 163-ஐத் தாண்டாது.

இந்த இடத்தில் எல்லோருக்கும் வரும் ஆசை எனக்கும் வந்தது: இண்டெக்ஸை 1.3 ஆக்கிவிட்டால்? மீட்டரில் எண் ஏறியது, உண்மைதான். ஆனால் அலையின் தலை தட்டையாகி, மூன்றாம், ஐந்தாம் ஹார்மோனிக்குகள் உள்ளே வந்துவிட்டன. இவை 150, 250 ஹெர்ட்ஸ். கேரியருக்காகப் போட்ட ஃபில்டர் இவற்றைத் தொடாது. டிரான்ஸ்ஃபார்மர் உறும ஆரம்பித்தது, மாட்டியிருந்த ஃபேன் மோட்டார் வழக்கத்தைவிடச் சூடானது. இண்டெக்ஸை ஏற்றிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது சதுர அலைதான். அதன் ஆர்எம்எஸ் 12 வோல்ட், அதனால்தான் பழைய சதுர அலை இன்வர்ட்டர்களுக்கு 12 வோல்ட் வைண்டிங் சரியாக இருந்தது. உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் அந்தக் கணக்கில் வாங்கியது என்று நினைக்கிறேன்.

அப்படியானால் எத்தனை வோல்ட் பிரைமரி வேண்டும்? பேட்டரி இறங்கிப் போன நிலையிலிருந்து தொடங்குங்கள். லோடில் 10.5 வோல்ட், மாஸ்ஃபெட்டிலும் வயரிலும் அரை வோல்ட் போகட்டும், மீதி 10. இண்டெக்ஸ் உச்சவரம்பை 0.95 என்று வைப்பேன். டெட் டைமுக்கு இடம் வேண்டும். மேல் பக்க மாஸ்ஃபெட்டின் பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டர் நிரம்பவும் கீழ்ப் பக்கம் கொஞ்ச நேரமாவது ஆனாக வேண்டும். 9.5-ஐ 1.414-ஆல் வகுத்தால் 6.7 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மரின் சொந்த இழப்புக்குக் கொஞ்சம் விட்டு 6 வோல்ட் பிரைமரி எடுங்கள். சார்ஜில் 14.4 வோல்ட் இருக்கும்போது இண்டெக்ஸ் 0.59-க்கு இறங்க வேண்டும், ஆகவே வெளியீட்டைப் பார்த்துத் திருத்தும் ஃபீட்பேக் அவசியம். இதற்கு ஒரு விலை உண்டு. 300 வாட் எடுக்க 6 வோல்ட்டில் 50 ஆம்பியர் ஓடும், உச்சியில் 70. மாஸ்ஃபெட்டையும் பிரைமரி வயரையும் அதற்கேற்பத் தடிமனாக்குங்கள்.

வைண்டிங் மாற்றுவதற்கு முன் இதைச் சோதித்துப் பார்க்க நினைத்தால், பிரிட்ஜின் வாயில் நேரடியாக மீட்டர் வைக்காதீர்கள். ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் ஒவ்வொரு பல்ஸின் முழு 12 வோல்ட்டையும் கணக்கில் எடுத்து ஏறத்தாழ 9.1 காட்டும், பாசிட்டிவ், நெகட்டிவ் என மாறி மாறி அடிக்கும் பைபோலார் முறையாக இருந்தால் எப்போதும் 12-தான். 1 கிலோஓம் ரெசிஸ்டர், 0.47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்துச் சிறிய ஃபில்டர் செய்து, கெப்பாசிட்டருக்குக் குறுக்கே அளங்கள். 50 ஹெர்ட்ஸில் ஒரு சதவீதம்தான் குறையும், 7.6 அப்படியே தெரியும். ஆஸிலோஸ்கோப்பில் பார்ப்பதானால் கிரவுண்ட் கிளிப்பை பிரிட்ஜ் காலில் மாட்டாதீர்கள். இன்னொரு புரோபின் கிளிப் பேட்டரி நெகட்டிவில் இருந்தால் இரண்டும் ஸ்கோப்புக்குள்ளேயே ஷார்ட் ஆகிவிடும். இரண்டு சேனலையும் தனித்தனியாக இரண்டு கால்களில் வைத்துக் கழித்துப் பாருங்கள்.