ஆம்பூர் ஷூ கம்பெனி, ஆட்டோமேட்டிக் கட்டிங் மெஷின் வருது: ஆளுங்ககிட்ட எப்டி சொல்றது?

"கிளிக்கிங் பிரஸ்ல 14 பேர் இருக்காங்க, மெஷினுக்கு 5 பேர் போதும். யாருக்கும் வேலை போவாதுன்னு சொல்லிடவா?"

அப்டி மட்டும் சொல்லாதீங்கண்ணா, மெஷின் வந்து எறங்குன அன்னிக்கே ஆளுங்க கணக்கு போட்டுடுவாங்க. 5 பேர் போதும்னு நேராவே சொல்லிட்டு, மெஷின் எந்த மாசம் வரும், ட்ரையல் எவ்ளோ நாள், அது வரைக்கும் பழைய பிரஸ் ஓடும்னு தேதியோட சொல்லுங்க, தேதி தள்ளிப்போனா அதையும் உடனே சொல்லிடணும். ஆள் கொறையும்னா 21 நாள் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும், சட்டமே அதான்.

தோல்ல வெட்டு, உண்ணிக்கடி எங்க கீது, எந்தப் பக்கம் இழுக்கும்னு கண்ணாலயே சொல்றவங்க சீனியருங்கதான், மெஷின்ல தோலைப் போட்டு டிஃபெக்ட் மார்க் பண்ண அவங்களையே மொதல்ல பழக்குங்க (எச்சார் சின்னப் பசங்களதான் கேப்பாங்க, விடாதீங்க). மீதி 9 பேருக்கு ஸ்கைவிங், தோல் கிரேடிங்னு காலி இருக்கற எடத்த மட்டும் சொல்லுங்க, ட்ரெய்னிங்ல பீஸ் ரேட்ல வர்ற கூலி கொறையும், அப்போ பழைய சராசரி சம்பளம் உண்டான்னு மொதலாளிகிட்ட எழுதி வாங்கிட்டு அப்பறமா மீட்டிங் போடுங்க.