ஆதிப் பொருள்தான் அசல் பொருளா?

கேள்வி: ‘நைஸ்’ என்றால் ஆதியில் முட்டாள், ‘ஆஃபுல்’ என்றால் பிரமிக்க வைப்பது என்று வகுப்பில் சொன்னார்கள். லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தைப் பார்த்த ராஜா, ‘ஆஃபுல், ஆர்ட்டிஃபிஷியல்’ என்று அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ரென்னைப் பாராட்டினாராம். அப்படியென்றால் இன்று நாம் எல்லோரும் இந்தச் சொற்களைத் தவறாகத்தானே பயன்படுத்துகிறோம்? கருத்தரங்குக் கட்டுரையில் இப்படி எழுதலாமா?
– ஆங்கில இலக்கிய மாணவி, திருச்சி

பதில்: எழுத வேண்டாம். முதலில் அந்த ராஜா கதையை எடுத்துவிடுங்கள். ஒருவர் இரண்டாம் சார்லஸ் சொன்னதாக எழுதுவார், இன்னொருவர் இரண்டாம் ஜேம்ஸ் என்பார், வேறொருவர் ஆன் ராணி என்பார். ஒரே பாராட்டு மூன்று பேர் வாயில் வந்தால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். தேதியும் ஒட்டவில்லை. தேவாலயத்தைக் கட்டத் தொடங்கியது 1675இல். சார்லஸ் இறந்தது 1685இல். அங்கே வழிபாடு தொடங்கியதே 1697இல்தான். கட்டி முடித்த கோயிலை அவர் எங்கே பார்த்தார்?

ஆனால் அதைவிட உறுதியான சான்று ஒன்று உங்களுக்குக் கிடைக்கும். 1675 மே மாதம் சார்லஸ் கொடுத்த அனுமதிப் பத்திரம். ரென் காட்டிய வரைபடங்களில் ஒன்றை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று அதில் காரணம் சொல்லியிருக்கிறது: அது மிகவும் ‘ஆர்ட்டிஃபிஷியலாக’வும் பொருத்தமாகவும் பயனுள்ளதாகவும் இருந்ததாம். இங்கே அந்தச் சொல்லுக்குப் போலி என்று அர்த்தமில்லை, கைத்திறனோடு செய்யப்பட்டது என்று அர்த்தம். அந்த வாக்கியத்தில் ‘ஆஃபுல்’ கிடையாது. கதையை விட்டுவிட்டுப் பத்திரத்தை மேற்கோள் காட்டுங்கள்.

சரி, நாம் தவறாகப் பேசுகிறோமா? இல்லவே இல்லை. பழைய பொருள் பழையது, அவ்வளவுதான். அது அசல் ஆகிவிடாது. ‘கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்று ஆண்டாள் கேட்டபோது நாறுவது மணப்பதுதான். அதை நம்பி இன்று தோழியிடம் ‘உன் மல்லிகைப்பூ நாறுகிறது’ என்று சொன்னால் அவள் வருத்தப்படுவாள். வருத்தப்படுவதுதான் சரி. ஆண்டாளும் சரி, அவளும் சரி. இருவருக்கும் நடுவே நூற்றாண்டுகள் இருக்கின்றன.

‘நைஸ்’ வந்த வழியைப் பாருங்கள். லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். அது பழைய பிரெஞ்சில் மூடன் ஆகி, 1300 வாக்கில் அதே பொருளோடு ஆங்கிலத்துக்குள் வந்தது. அப்புறம் ஒழுக்கம் தளர்ந்தவன், எதிலும் குறை காண்கிறவன், மென்மையானது, அற்பமானது, நுணுக்கமானது என்று பல பக்கம் கிளை விட்டது. 16, 17ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் எழுதியவர் இவற்றில் எதை நினைத்து எழுதினார் என்று பல இடங்களில் அகராதிக்காரர்களாலேயே தீர்த்துச் சொல்ல முடியவில்லை. அந்தக் குழப்பத்தைக் குறையாக நினைக்காதீர்கள். ஒரே வாக்கியம் இரண்டு பொருளுக்கும் இடம் கொடுக்கும்போதுதான் கேட்பவர் புதுப் பொருளை எடுத்துக்கொண்டு போகிறார். ‘நைஸான ரசனை’ என்றால் நுணுக்கமாகப் பிரித்தறியும் ரசனை. அப்படிப்பட்டவர் தேர்ந்தெடுத்த பொருள் நன்றாகத்தானே இருக்கும்? நுணுக்கத்திலிருந்து நன்மைக்குத் தாண்ட அந்த ஒரு அடி போதும். இனிமையானது என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாகத் தெரிகிறது. அன்பானவர் என்பது அதற்கும் பிந்தியது.

உங்கள் கேள்வியை ஏற்கெனவே ஒருவர் கேட்டு மாட்டிக்கொண்டிருக்கிறார். ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’ 1817 கடைசியில் வெளிவந்தது. அதில் கேத்தரின் ஒரு நாவலை உலகத்திலேயே ‘நைஸான’ புத்தகம் என்கிறாள். உடனே ஹென்றி டில்னி, ‘ரொம்ப நேர்த்தியானது என்கிறாயா? அது பைண்டிங்கைப் பொறுத்தது’ என்று சீண்டுகிறான். இந்தச் சொல் ஆதியில் நேர்த்திக்கும் நயத்துக்கும் மட்டுமே வழங்கியிருக்கும், இப்போது எல்லாவற்றுக்கும் இதையே சொல்கிறார்கள் என்பது அவன் குறை. ஆனால் அவன் ஆதி என்று நினைத்தது ஆதி அல்ல. அதற்கும் முன்னால் முட்டாள் இருந்தான். ஆதியை எங்கே நிறுத்துவது என்று யாராலும் சொல்ல முடியாது; உங்கள் வாதம் நிற்காததற்கு இதுதான் காரணம்.

பழைய பொருள் தெரிந்திருக்க வேண்டிய இடம் வேறு. பழைய நூலைப் படிக்கும்போதுதான் அது இல்லாமல் முடியாது. ‘ரோமியோ ஜூலியட்’ ஐந்தாம் அங்கத்தில், ஜூலியட் சாகவில்லை என்று ரோமியோவுக்குத் தெரிவிக்க வேண்டிய கடிதம் போய்ச் சேரவில்லை. கொண்டுபோனவரைப் பிளேக் பயத்தில் ஒரு வீட்டுக்குள் அடைத்துவிட்டார்கள். அதைக் கேட்டு லாரன்ஸ் பாதிரியார் பதறுகிறார்: அந்தக் கடிதம் ‘நாட் நைஸ்’, கனத்த விஷயம் அடங்கியது, அதை அலட்சியப்படுத்தினால் பெரிய ஆபத்து என்கிறார். இன்றைய பொருளை வைத்தால் ‘கடிதம் நன்றாக இல்லை’ என்று வரும். பின்னால் வருகிற கனமும் ஆபத்தும் அதோடு ஒட்டாது. ‘அற்பமானதல்ல’ என்று வைத்துப் பாருங்கள், வாக்கியம் முழுதும் சட்டென்று பொருந்திவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆதிப் பொருள் முட்டாள் என்று வகுப்பில் படித்ததை இங்கே வைத்தால் ‘கடிதம் முட்டாள்தனமானதல்ல’ என்று வரும். இலக்கணம் உறுத்தாது, அதனால் பிழை கண்ணில் படாமலே போய்விடும். இப்படித் திருத்தமாகத் தெரிகிற பிழைகளைத்தான் மாணவர்களின் கட்டுரைகளில் அதிகம் பார்க்கிறேன்.

‘ஆஃபுல்’ கதை எளிது. அதன் முற்பாதியான ‘ஆ’வில் அச்சமும் பக்தியும் சேர்ந்தே இருந்தன. சந்நிதியில் நிற்கும்போது உடம்பு சிலிர்க்குமே, அந்த உணர்வு. கிறிஸ்து பிறந்த இரவைப் பற்றி 1629இல் மில்டன் எழுதிய பாட்டில், மன்னர்கள் ‘ஆஃபுல்’ கண்களோடு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், தங்கள் ஆண்டவர் பக்கத்தில் இருப்பது தெரிந்தவர்கள் போல. அது பயபக்தி நிறைந்த பார்வை. கொடூரப் பார்வை என்று மொழிபெயர்த்தால் பாட்டே செத்துவிடும். 1755இல் ஜான்சன் அகராதியும் பக்தியால் நிறைப்பது என்ற பொருளைத்தான் முதலில் வைக்கிறது. 19ஆம் நூற்றாண்டுப் பேச்சில் மிகைப்படுத்திச் சொல்லிச் சொல்லி அச்சம் மட்டும் மிஞ்சியது, பிறகு அதுவும் தேய்ந்து ‘படுமோசம்’ ஆனது. நாம் ‘பயங்கரமா பசிக்குது’ என்கிறோமே, அதில் பயம் எங்கே இருக்கிறது? அதே தேய்மானம்தான். அதே வேரில் பிறந்த ‘ஆசம்’ 20ஆம் நூற்றாண்டில் மறுபக்கம் போய்ப் ‘பிரமாதம்’ ஆகிவிட்டது.

கட்டுரைக்கு ஒரு வழி சொல்கிறேன். பாதிரியாரின் அந்த ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் ‘நைஸ்’ பதிவைத் திறந்து, 1590களை ஒட்டிய மேற்கோள்கள் எந்தெந்தப் பொருளின் கீழ் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளையும் அந்த வரியில் வைத்துப் பார்த்து, எது ஏன் பொருந்தவில்லை என்று எழுதுங்கள். பத்துப் பக்கம் தாராளமாக வரும்.