ஆளுமைத் தேர்வில் வரும் எண் எதைச் சொல்கிறது: ஐந்து காரணி மாதிரி பற்றிய கேள்வி பதில்

முதுகலை உளவியல் மாணவி: ஆய்வேட்டுக்காகப் பத்துக் கூற்றுகள் மட்டுமே கொண்ட சுருக்கத் தேர்வைப் பயன்படுத்தினேன். இணக்கப் பண்புக்கு, கூற்றுகளின் உள் ஒத்திசைவைக் காட்டும் ஆல்ஃபா 0.40தான் வந்தது. தரவையே தூக்கிப் போடச் சொல்கிறார் வழிகாட்டி. என்ன செய்யட்டும்?

தூக்கிப் போட வேண்டாம். காஸ்லிங், ரென்ஃப்ரோ, ஸ்வான் ஆகிய மூவரும் 2003இல் வெளியிட்ட தேர்வைக் குறிப்பிடுகிறீர்கள் என்று கொள்கிறேன். வெளிமுகத்தன்மை, இணக்கம், பொறுப்புணர்வு, உணர்ச்சி நிலையின்மை, புதியவற்றுக்குத் திறந்த மனம் என்னும் ஐந்து பண்புகளில் ஒவ்வொன்றையும் இரண்டே கூற்றுகளால் அளக்கும் தேர்வு அது. அவர்களுடைய கட்டுரையிலேயே இணக்கத்தின் ஆல்ஃபா 0.40தான், ஆகவே நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை.

காரணம் கணக்கில் இருக்கிறது. கூற்றுகள் தமக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமன்றி, எத்தனை கூற்றுகள் இருக்கின்றன என்பதையும் பொறுத்தே ஆல்ஃபா அமைகிறது. இரண்டு விடைகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவு, கூற்றுகளுக்கிடையே சராசரியாக 0.25 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கூற்றுகள் இருந்தால் ஆல்ஃபா 0.40 வரும். அதே ஒத்திசைவுடன் பத்துக் கூற்றுகள் இருந்தால் 0.77 வரும். ஒத்திசைவு சிறிதும் கூடவில்லை, எண்ணிக்கை மட்டுமே கூடியிருக்கிறது. 44 கூற்றுகள் கொண்ட பெரிய ஐந்து பட்டியலும், கோஸ்டாவும் மெக்ரேயும் 1992இல் வெளியிட்ட 240 கூற்றுகள் கொண்ட தேர்வும் இந்த எண்ணில் மேலே நிற்பதற்கு அவற்றின் நீளமும் ஒரு காரணம்.

இன்னொன்று, அந்த இரண்டு கூற்றுகளும் வேண்டுமென்றே விலகி நிற்குமாறு தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஒன்று, பரிவும் அன்பும் உடையவரா என்று கேட்கிறது. மற்றது, குறை காண்பவரா, சண்டை பிடிப்பவரா என்று கேட்டு, விடையைத் தலைகீழாக மதிப்பிடுகிறது. அன்பைக் கொட்டுகிறவரே வாய்ச்சண்டையிலும் முதலில் நிற்பது நம் வீடுகளில் அரிதன்று. அத்தகையவருக்கு ஒரு கூற்றில் உயர்ந்தும் மற்றதில் தாழ்ந்தும் மதிப்பெண் விழும், ஆல்ஃபா சரியும். ஆயினும் இணக்கம் என்னும் பண்பின் அகலம் அந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது. ஒரே பொருளில் இரண்டு கூற்றுகளை வைத்திருந்தால் ஆல்ஃபா எளிதாக ஏறியிருக்கும், பண்பின் பாதி விடுபட்டுப் போயிருக்கும்.

இவ்வளவு குறுகிய தேர்வுக்கு ஏற்ற சோதனை, அதே ஆட்களிடம் சில வாரங்கள் கழித்து மீண்டும் கேட்பது. அந்த மூவரும் ஆறு வார இடைவெளியில் கேட்டபோது ஐந்து பண்புகளின் சராசரி ஒட்டுறவு 0.72 வந்தது. குழுக்களை ஒப்பிட இது போதும். தனியொருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் போதாது, அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

மனிதவளப் பிரிவில் இருப்பவர்: பொறுப்புணர்வில் ஒரு விண்ணப்பதாரருக்கு 53, மற்றவருக்கு 46. ஐம்பதுக்குக் கீழே இருந்தால் நீக்கிவிடுவது எங்கள் விதி. தேர்வின் நம்பகத்தன்மை 0.84 என்று விற்பனையாளர் ஆவணம் கொடுத்திருக்கிறார். இது நல்ல எண்தானே?

நல்ல எண்தான். உங்கள் விதிதான் அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. சராசரி 50, திட்ட விலக்கம் 10 என்ற அளவுகோலில் மதிப்பெண் தருகிறீர்கள் என்று எண்ணுகிறேன். நம்பகத்தன்மை 0.84 எனில், ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் 0.16, அதன் வர்க்கமூலம் 0.4, அதைப் பத்தால் பெருக்கினால் 4. ஒரு மதிப்பெண்ணின் அளவீட்டுப் பிழை இதுதான். நூற்றுக்கு 95 என்ற உறுதி வேண்டுமானால் இரு புறமும் ஏறத்தாழ எட்டுப் புள்ளிகள் விட வேண்டும். அதாவது 46 வாங்கியவரின் உண்மையான நிலை 38க்கும் 54க்கும் இடையில் எங்கும் இருக்கலாம்.

இருவரை ஒப்பிடும்போது இரண்டு பிழைகளும் சேர்கின்றன. அவர்களுக்குள் மெய்யான வேறுபாடு உண்டென்று அதே உறுதியோடு சொல்ல, இடைவெளி சுமார் 11 புள்ளிகளாவது இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது ஏழு. அடுத்த மாதம் அதே இருவரையும் மீண்டும் எழுதச் சொன்னால் வரிசை மாறினாலும் நான் வியப்படைய மாட்டேன்.

இதுவரை சொன்னது நம்பகத்தன்மை. அந்த மதிப்பெண் உங்கள் வேலைக்குப் பயன்படுமா என்பது ஏற்புடைமை பற்றிய கேள்வி. அதற்கு 0.84 எந்த விடையும் தராது. பாரிக்கும் மவுண்ட்டும் 1991இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஐந்து பண்புகளில் எல்லா வகைத் தொழில்களிலும் பணித்திறனோடு தொடர்பு காட்டியது பொறுப்புணர்வே. ஆனால் பிழைகளுக்குத் திருத்தம் செய்த பிறகும் அந்தத் தொடர்பு 0.2ஐச் சற்றே தாண்டியது. வர்க்கப்படுத்திப் பாருங்கள்: பணித்திறனில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் நூற்றில் ஏறத்தாழ ஐந்து பங்குதான் அதனால் விளங்குகிறது. பலரைத் தேர்ந்தெடுக்கும்போது, பிற சான்றுகளோடு சேர்த்துப் பயன்படுத்தினால் இதற்குச் சிறிது மதிப்புண்டு. ஒருவரை வாசலிலேயே திருப்பியனுப்பும் கோடாக இதை வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வேலை தேடி வந்தவர் ‘என் வேலைகளை ஒழுங்காக முடிப்பேன்’ என்ற கூற்றுக்கு எந்த விடை உதவும் என்று அறிந்தே எழுதுகிறார் என்பதையும் மறக்க வேண்டாம்.

வாசகர் ஒருவர்: இணையத்தில் ஒரு ஆளுமைத் தேர்வு எழுதினேன். என்னைப் பக்கத்திலிருந்து பார்த்தது போலச் சொல்லிவிட்டது. அப்படியானால் ஏற்புடைமை உண்டு என்றுதானே பொருள்?

இல்லை. ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரே விவரணையை, அவரவர் தேர்வின் முடிவு என்று சொல்லிக் கொடுத்தார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் ஐந்துக்குச் சராசரியாக 4க்கும் மேலே மதிப்பிட்டார்கள். அக்கட்டுரை 1949இல் வெளிவந்தது. படிப்பவருக்கு ஏற்படும் நிறைவு ஏற்புடைமைக்குச் சான்றாகாது. உங்களை நன்கறிந்த இருவர் உங்களைப் பற்றித் தனித்தனியே நிரப்பும் படிவம் உங்கள் மதிப்பெண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், அது சான்று.

ஒரு தந்தை: என் மகனுக்கு 14 வயது. உணர்ச்சி நிலையின்மை மிக அதிகம் என்று வந்திருக்கிறது. மருந்து தேவைப்படுமா?

இயல்பான மனிதர்களுக்கிடையேயான வேறுபாட்டை அளப்பதற்கான எண் அது, நோயைக் கண்டறிவதற்கானதன்று. அவனுடைய தூக்கத்திலோ, படிப்பிலோ, பழகுவதிலோ மாற்றம் கண்டால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்தத் தாளைக் காரணமாக வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

மானிடவியல் படித்தவர்: பொலிவியாவின் சிமானே மக்களிடம் இந்த ஐந்தும் வரவே இல்லை. ஐந்து காரணி மாதிரி மனித இயல்பு அன்று, படித்தவர்களின் கற்பனை என்று இதிலிருந்தே தெரிகிறது.

முதல் வாக்கியம் சரி. குர்வனும் உடன் ஆய்ந்தவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு அது. தோட்டப் பயிரும் வேட்டையுமாக வாழும் அம்மக்களில் 632 பேரிடம் பெரிய ஐந்து பட்டியலின் 44 கூற்றுகளையும் அவர்கள் மொழியில் கேட்டார்கள். ஐந்துக்குப் பதிலாக, பிறரோடு நன்கு பழகுவது, உழைப்பு என்று இரண்டு பெரிய திரள்களே தெளிவாக வந்தன.

இரண்டாம் வாக்கியம் அதிலிருந்து பிறக்கவில்லை. ஒரு கருவி ஓரிடத்தில் செயல்படவில்லை என்பதற்கும், அது அளக்க முயன்ற பொருளே எங்கும் இல்லை என்பதற்கும் நடுவே நெடுந்தூரம் இருக்கிறது. ஏற்புடைமை தேர்வோடு ஒட்டிப் பிறப்பதன்று. இன்ன மக்களிடம், இன்ன நோக்கத்துக்கு என்று ஒவ்வொரு முறையும் நிறுவப்பட வேண்டியது.

மொழிபெயர்ப்பாளர்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும் ஐயா. இப்படியொரு பட்டியலைத் தமிழாக்கி, ஊர்ப்புறத்தில் வாய்மொழியாகக் கேட்டிருக்கிறேன். ‘ஒழுங்காக வேலை செய்வேன்’ என்பதற்கும் ஆமாம், ‘சோம்பலாக இருப்பேன்’ என்பதற்கும் ஆமாம் என்றே பலர் சொன்னார்கள். சிமானே முடிவும் இதனால்தான் வந்திருக்கும்.

உங்கள் கவனிப்பு மிக முக்கியமானது. எதற்கும் ஆமாம் சொல்லும் போக்கு இருக்கும்போது, நேர்க் கூற்றுகளெல்லாம் ஒரு பக்கமும் தலைகீழ்க் கூற்றுகளெல்லாம் மறுபக்கமுமாகப் பிரிந்து, பண்புகளின் இடத்தில் பொய்யான காரணிகள் தோன்றும். லாஜாஜும் உடன் ஆய்ந்தவர்களும் 2019இல் வளரும் நாடுகள் பலவற்றின் தரவைச் சோதித்தபோது, வீடு தேடிச் சென்று நேரில் கேட்ட கணக்கெடுப்புகளில் ஐந்தும் சிதைந்தன. இணையத்தில் தாமாக வந்து எழுதியவர்களிடம் அவை நன்றாகவே தெரிந்தன. கேட்கும் முறைக்கு அவ்வளவு வலு இருக்கிறது.

மானிடவியல் படித்தவர்: இணையத்தில் எழுதுகிறவர் படித்தவர். நான் சொன்னதைத்தான் நீங்களும் நிறுவுகிறீர்கள். மேலும் சிமானே ஆய்வில் துணைவரைப் பற்றித் துணைவரிடமும் கேட்டார்கள். அதிலும் ஐந்து வரவில்லையே.

ஒப்புக்கொள்கிறேன். ஆமாம் சொல்லும் போக்கு ஒன்றே சிமானே முடிவை விளக்கிவிடும் என்று மொழிபெயர்ப்பாளர் சொல்வது அதனாலேயே எனக்கு முழுமையாகப் படவில்லை. அம்மக்களில் பள்ளிக்குச் சென்றவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோதும் ஐந்து தெளிவாக வரவில்லை. சிறு சமூகத்தில் ஒருவர் பல பாத்திரங்களையும் ஏற்க வேண்டியிருப்பதால் பண்புகள் வேறு விதமாகக் கோக்கப்படுகின்றன என்ற விளக்கம் சொல்லப்படுகிறது. எனக்கு அது சாத்தியமாகத் தோன்றுகிறது, நிறுவப்பட்டதாகத் தோன்றவில்லை. நீங்களும் ஒன்றை ஏற்க வேண்டும்: ஐந்து என்ற எண்ணிக்கை அகராதிச் சொற்களிலிருந்து தொடங்கிய ஆய்வில், 1961இல் டியூப்ஸும் கிறிஸ்டலும் அமெரிக்க விமானப்படைத் தரவுகளில் மீண்டும் மீண்டும் கண்ட ஒன்று. எந்த மக்களிடம் அது நிற்கிறது என்பது பிறகு சோதிக்க வேண்டியதாகவே இருந்தது, இன்றும் இருக்கிறது.

மனிதவளப் பிரிவில் இருப்பவர்: கோட்டை 50க்குப் பதிலாக 45 என்று வைத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. கோடு எங்கே இருந்தாலும் பிழையின் அகலம் எட்டுப் புள்ளிகள்தான். 44 வாங்கியவரை அப்போது இழப்பீர்கள்.

மற்றொரு வாசகர்: நான் பதினாறு வகைகளில் ஒரு வகை. ஐந்து காரணியில் என் வகை எது?

ஐந்து காரணியில் வகைகள் இல்லை, அளவுகள் உண்டு. நடுவில் கூடி நிற்கும் பெரும்பாலானவர்களை ஒரு கோட்டால் இரண்டாக வெட்டினால், கோட்டருகே இருப்பவர்கள் மறுமுறை எழுதும்போது மறுபக்கம் போய்விடுவார்கள். மேலே மனிதவள நண்பருக்குச் சொன்ன அதே கணக்குதான்.

முதுகலை மாணவி: வழிகாட்டியிடம் காட்ட ஆய்வேட்டில் என்ன எழுதுவது ஐயா?

ஆல்ஃபா 0.40 என்பதை மறைக்காமல் எழுதுங்கள், பக்கத்திலேயே கூற்றுகள் இரண்டே என்பதையும் எழுதுங்கள். உங்கள் ஆட்களில் நாற்பது ஐம்பது பேரையாவது மூன்று வாரம் கழித்து மீண்டும் நிரப்பச் செய்து, அந்த ஒட்டுறவைச் சேருங்கள். அது 0.72 என்று வந்தால், மற்ற அளவையில் பிழையே இல்லாவிட்டாலும், உண்மையில் 0.30 ஆக உள்ள தொடர்பு உங்கள் அட்டவணையில் 0.25 அளவில்தான் தெரியும் என்பதைக் குறிப்பிடுங்கள். அது 0.50க்கும் கீழே வந்தால் மட்டும், உங்கள் வழிகாட்டி சொன்னதை நானும் சொல்வேன்.