அண்ணிக்கு என்ன கிஃப்ட் குடுக்கலாம்?

கேள்வி: எங்க அண்ணி ரெண்டு வருஷமா ஜிம் போறாங்க, ராடு எடுத்து வெயிட் தூக்குறாங்க. போன பர்த்டேக்கு உடம்பு கொழுப்பு எல்லாம் காட்டுற வெயிங் மெஷின் வாங்கிக் குடுத்தேன், "நான் குண்டா இருக்கேன்னு சொல்றியா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க, ஆனா அது இன்னும் பெட்டியோட பீரோ மேலதான் இருக்கு. இந்த தடவை 2000 ரூபாய்க்குள்ள என்ன வாங்கலாம்?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: முதல்ல எதெல்லாம் வேண்டாம்னு சொல்லிடறேன் தோழி. ஸ்லிம்மிங் டீ, ஃபேட் பர்னர், இடுப்புல கட்டுற வியர்வை பெல்ட், இது எல்லாம் மெஷினோட கூடப்பிறந்ததுங்க. ஜிம் டிரெஸ்ஸும் வேண்டாம், L எடுத்தாலும் வம்பு M எடுத்தாலும் வம்பு. வெயிட் தூக்கும்போது கட்டுற லெதர் பெல்ட் நல்ல பொருள்தான், ஆனா அதை வாங்க இடுப்பளவு கேக்கணும், அந்த பேச்சே நமக்கு வேண்டாம்.

இப்ப ஒரே ஒரு கேள்வி கேளுங்க, சும்மா பேச்சுவாக்குல: "அண்ணி, இப்ப எந்த லிஃப்ட்ல ஸ்டக் ஆகியிருக்கீங்க?" மாடி ஏறுற லிஃப்ட் இல்ல, வெயிட் தூக்குற ஒவ்வொரு விதத்துக்கும் லிஃப்ட்னுதான் பேரு. வெயிட் தூக்குறவங்களுக்கு இந்தக் கேள்வி ரொம்ப புடிக்கும், நீங்க நிறுத்த சொல்ற வரைக்கும் பேசுவாங்க, கிஃப்ட் என்னன்னு அதுலயே வந்துடும்.

"ஓவர்ஹெட் பிரஸ் ஏறவே மாட்டேங்குது"ன்னு, அதாவது தோள்லேருந்து தலைக்கு மேல ராடைத் தூக்குறதுல வெயிட் கூட்ட முடியலன்னு சொன்னா மைக்ரோ பிளேட் வாங்குங்க. ஃப்ராக்ஷனல் பிளேட்னும் சொல்வாங்க, ராடு முனையில மாட்டுற, அரை கிலோ, ஒரு கிலோன்னு வர்ற குட்டி பிளேட். ஏன்னு சொல்றேன். நிறைய ஜிம்ல இருக்கிற சின்ன பிளேட்டே 2.5 கிலோதான், 1.25 இருந்தாலும் ஒண்ணு எங்கயோ காணாம போயிருக்கும். ராடு 20 கிலோ, ரெண்டு பக்கமும் 2.5 போட்டா 25. அதை அண்ணி நல்லா தூக்குறாங்கன்னு வைங்க, அடுத்து ஏத்தணும்னா நேரா 30. ஒரே தாவுல அஞ்சுல ஒரு பங்கு கூடுது. கால்ல செய்யற ஸ்குவாட்டுக்கு அஞ்சு கிலோ பெரிய விஷயமில்ல, தோள்பட்டைக்கு அது மலை. அதனால மாசக்கணக்கா அதே 25லயே நின்னுட்டு இருப்பாங்க, தன்னாலதான் முடியலன்னு வேற நினைச்சுப்பாங்க. அரை கிலோ ஒரு ஜோடியும் ஒரு கிலோ ஒரு ஜோடியும் கையில இருந்தா 26, 27, 28ன்னு படிப்படியா ஏறலாம். பட்ஜெட் இடிச்சா அரை கிலோ ஜோடி மட்டும் எடுங்க, அதுக்குத்தான் வேலை அதிகம்.

வாங்கும்போது ஓட்டை அளவைப் பாருங்க, இதுலதான் பலபேர் கோட்டை விடறாங்க. ஜிம்ல இருக்கிற ஒலிம்பிக் ராடோட முனை 50 மி.மீ, அதுக்கு ஏத்த பிளேட்தான் வேணும். வீட்டு செட்டுக்கு வர்ற பிளேட்ல ஓட்டை சின்னது, ஏறவே ஏறாது. ஆன்லைன்ல ரெண்டும் பக்கத்து பக்கத்துல ஒரே மாதிரி படத்தோட கிடக்கும், அதனால எழுதியிருக்கிறத படிச்சுட்டு ஆர்டர் போடுங்க. பார்சல் வந்ததும் சமையல்கட்டு தராசுல ரெண்டையும் தனித்தனியா வச்சுப் பாருங்க, ஒண்ணு 500 கிராமும் இன்னொண்ணு 560ம் காட்டினா திருப்பி அனுப்பிடுங்க. கிராம் கணக்குல ஏத்துறதுக்குத்தானே வாங்கறோம்!

அதுக்குப் பதிலா "டெட்லிஃப்ட்ல கை வழுக்குது"ன்னு, அதாவது தரையிலேருந்து ராடைத் தூக்கி நிமிரும்போது பிடி நழுவுதுன்னு சொன்னாங்கன்னா கதை வேற. முதுகும் காலும் இன்னும் தூக்கத் தயாரா இருக்கும், விரல் முதல்ல விட்டுடும், நம்ம ஊர் வெக்கைக்கு வியர்வை வேற. இதுக்கு லிஃப்டிங் ஸ்ட்ராப், மணிக்கட்டுல மாட்டி ராடுல சுத்திக்கிற காட்டன் பட்டை. அளவு பாக்கவே வேண்டாம், யாருக்கும் ஆகும். கூடவே லிக்விட் சாக் ஒரு பாட்டில் வைங்க. பவுடர் சாக்னா தரையெல்லாம் வெள்ளையாகும், நிறைய ஜிம்ல திட்டுவாங்க. லிக்விட்ல அதே மெக்னீசியம் கார்பனேட்டை ஆல்கஹால்ல கலந்திருப்பாங்க, கையில தேய்ச்சா கொஞ்ச நேரத்துல காஞ்சு ஒட்டிக்கும். உள்ளங்கையில வெடிப்பு, காயம் இருந்தா மட்டும் எரியும், அன்னைக்கு போட வேண்டாம்னு சொல்லிடுங்க.

கார்டுல "ஸ்டே ஃபிட்", "இன்னும் ஸ்லிம்மா ஆகுங்க" எல்லாம் வேண்டாம், "அடுத்த கிலோவுக்கு"ன்னு எழுதினா போதும், அவங்களுக்குப் புரியும்.

ஒண்ணு மட்டும், அண்ணி இப்ப ராடை விட்டுட்டு டம்பெல்லும் மெஷினும் மட்டும் பண்றாங்கன்னா இந்த பிளேட் மாட்ட இடமில்ல, அப்ப யோசிக்காம ஸ்ட்ராப் பக்கம் போயிடுங்க. அந்த வெயிங் மெஷினை பீரோ மேலேருந்து எடுத்து உங்க வீட்டுக்கே கொண்டுபோயிடுங்க, லக்கேஜ் எடை பாக்க ஆகும்.