எலும்போடு வாங்கும் ஒரு கிலோ ஆட்டிறைச்சி

கேள்வி: வாரத்துக்கு 500 கிராமுக்கு மேல் சிவப்பு இறைச்சி வேண்டாம் என்கிறார்கள். அது பச்சையாகவா, சமைத்த பிறகா? எலும்பையும் சேர்த்தா? வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு வைக்கிறோம், தராசை வைத்துக்கொண்டா பரிமாறுவது?

சமைத்த பிறகு, எலும்பு நீக்கிய எடை. தராசு ஒரே ஒரு நாள் போதும், அதற்குப் பிறகு துண்டுகளை எண்ணினால் சரியாக வரும்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் சமையல் ஒப்பந்தம் எடுத்துச் செய்பவன். கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள் என்று இருபது வருடமாக ஆட்டிறைச்சியைக் கிலோ கணக்கில் வாங்கி, துண்டுக் கணக்கில் பரிமாறி வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் பெருங்குடல் பரிசோதனையில் ஒரு சின்னக் கட்டியை எடுத்தார்கள். நல்ல வேளையாகச் சாதாரணக் கட்டிதான். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் 'சிவப்பு இறைச்சி, வாரம் 500 கிராமுக்குள்' என்று ஒரே வரி. பச்சை எடையா, வெந்த எடையா என்று அதில் இல்லை. நான் கடைத் தராசின் எடை என்று எடுத்துக்கொண்டு, வாரத்துக்கு அரைக் கிலோ எனக்கென்று தனியாக வாங்கி, எலும்பைச் சப்பிக்கொண்டு மூன்று மாதம் ஓட்டினேன். பிறகுதான் கணக்கைச் சரிபார்த்தேன். அனுமதித்ததில் பாதியைத்தான் தின்றிருக்கிறேன்!

அந்த எண் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சொல்வது. வாரத்துக்கு மூன்று வேளை அளவில், சமைத்த எடையில் 350 முதல் 500 கிராம் வரை என்பது அவர்களுடைய வரம்பு. 500 கிராம் வெந்த இறைச்சிக்கு ஏறக்குறைய 700 முதல் 750 கிராம் பச்சை இறைச்சி வேண்டும் என்று அவர்களே விளக்கமும் தருகிறார்கள். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை இதையே நாள் கணக்கில் சொல்கிறது: தினமும் 90 கிராமுக்கு மேல் சாப்பிடுபவர்கள் 70 கிராமுக்குக் குறைக்க வேண்டும். ஏழால் பெருக்கினால் 490. ஆஸ்திரேலிய அரசின் உணவு வழிகாட்டி வாரத்துக்கு 455 கிராம் என்கிறது. மூன்றுமே சமைத்த எடைதான், மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. 2019இல் வந்த ஈட்-லான்செட் அறிக்கை மட்டும் நாளுக்கு 14 கிராம், அதாவது வாரத்துக்கு நூறு கிராம் என்று மிகவும் கீழே இறங்குகிறது. அவர்கள் உடலோடு பூமியின் நிலத்தையும் நீரையும் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள் என்பதால், அந்த எண்ணை இந்தக் கேள்விக்கு நான் கொண்டுவரவில்லை.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சிவப்பு என்றால் மாடு மட்டும் என்று நினைத்துக்கொண்டு, 'நாங்கள்தான் மாடு தொடுவதில்லையே' என்று நிம்மதியாக இருப்பார்கள். வெள்ளாடு, செம்மறி, பன்றி எல்லாமே இதில் அடங்கும். வெந்த பன்றி இறைச்சி வெளுத்துத்தான் இருக்கும், ஆனாலும் கணக்கில் சிவப்புதான். கோழியும் மீனும் கிடையாது. வெள்ளாட்டில் கொழுப்பு குறைவு என்பது உண்மை, ஆனால் இந்த வரம்பு கொழுப்பைப் பார்த்து வைத்ததல்ல. இறைச்சிக்குச் சிவப்பு நிறம் தருகிற ஹீம் என்னும் இரும்புக் கூறு குடலுக்குள் போய், புற்றுநோய்க்கு வழிவிடும் நைட்ரசோ சேர்மங்கள் உருவாகத் துணைபோகிறது என்பது முக்கியமான விளக்கங்களில் ஒன்று. அதனால் கொழுப்பைச் செதுக்கி எறிந்தாலும் கணக்கு மாறாது.

இனி தராசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே செய்து பார்த்தேன். உறைய வைத்த ஆட்டிறைச்சி, எலும்போடு குழம்புக்கு வெட்டியது, சரியாக ஒரு கிலோ. இரவு குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக்கி, வடிந்த நீரைக் கொட்டிவிட்டு நிறுத்தபோது 960 கிராம். எண்ணினேன், முப்பது துண்டுகள். வழக்கம்போல மசாலாவில் புரட்டி, குக்கரில் வேகவைத்து, குழம்பைக் கொதிக்கவிட்டு இறக்கினேன். பிறகு எல்லாத் துண்டுகளையும் ஓட்டைக் கரண்டியால் அரித்தெடுத்து, சூடு ஆறியதும் கையாலேயே சதையை எலும்பிலிருந்து உருவினேன். மனைவி வாசலில் நின்று, "குழம்பு சாப்பிடுவதற்கா, பாடம் நடத்துவதற்கா?" என்று கேட்டாள். எலும்பு 260 கிராம். சதை 470 கிராம். மீதி எல்லாம் தண்ணீரும் கொழுப்புமாகக் குழம்புக்குள் போய்விட்டது.

பச்சைச் சதையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். சூடு ஏறும்போது நார்கள் சுருங்கி அந்தத் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. சாதாரணமாக 700 கிராம் பச்சைச் சதை வெந்தால் 500 கிராமுக்கு அருகில் வரும். நன்றாகச் சுருள வதக்கும் பிரட்டலில் இன்னும் குறையும். ஆக, எலும்போடு வாங்கும் ஒரு கிலோ என்பது ஏறக்குறைய ஒரே ஓர் ஆளின் ஒரு வார வரம்பு. நான்கு பேர் உள்ள வீட்டில் ஞாயிறு மதியம் ஒரு கிலோ எடுத்துச் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு 120 கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும். அது நியாயமான ஒரு வேளை. ஆனால் எந்த வீட்டில் சமமாகப் பகிர்கிறார்கள்?

துண்டுக்கு வருவோம். 470ஐ முப்பதால் வகுத்தால் ஒரு துண்டில் சதை 16 கிராம் அளவு. எனவே என் வீட்டு வெட்டில் ஏழெட்டுத் துண்டுகள் ஒரு வேளைக்கு. உங்கள் கடைக்காரர் பெரிதாக வெட்டினால் ஐந்தே போதும், அதனால்தான் ஒருமுறையாவது நிறுத்துப் பார்க்கச் சொல்கிறேன். குழம்போடு சேர்த்து நிறுக்காதீர்கள். நான் முதலில் அப்படிச் செய்து 'இவ்வளவா தின்றேன்' என்று பயந்துபோனேன். மசாலா ஒட்டிய துண்டுகளும் எலும்பும் சேர்ந்தால் கணக்கு வீங்கிவிடும்.

எலும்பில்லாத இறைச்சி இதற்கு நேர்மாறாகக் கண்ணை ஏமாற்றும். குழம்பில் பத்துத் துண்டு தின்றால் தட்டின் ஓரத்தில் எலும்பு குவிந்து சாட்சி சொல்லும். எலும்பில்லாப் பிரட்டலில் சாட்சி இல்லை. அங்கே நான் வைத்திருக்கும் அளவு தீப்பெட்டி. வெந்த, எலும்பில்லாத, தீப்பெட்டி அளவுத் துண்டு ஒன்று சுமார் 30 கிராம். நான்கு தீப்பெட்டி ஒரு வேளை. வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் தனியாகத் தரும் சின்னக் கிண்ணப் பிரட்டலைக் கண்ணால் தீப்பெட்டிகளாக அடுக்கிப் பாருங்கள், பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்துக்குள் அடங்கும். நாசி கண்டார் கடையில் வாளியிலிருந்து அள்ளிப் போடுபவரிடம் "ஒரு துண்டு போதும், அண்ணே" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அங்கே துண்டு பெரிது, ஒன்றே இரண்டரைத் தீப்பெட்டி தேறும்.

என் பழைய வாரத்தை எழுதிப் பார்த்தேன். ஞாயிறு மதியமும் இரவுமாகப் பதினான்கு துண்டு, 225 கிராம். திங்கட்கிழமை மிச்சக் குழம்பில் ஐந்து துண்டு, 80. புதன்கிழமை வாழை இலையில் பிரட்டல், 120. வெள்ளிக்கிழமை சீன நண்பரோடு பாக் குட் தே என்னும் பன்றி எலும்புச் சூப், எலும்பு போக 150. சனிக்கிழமை கல்யாணச் சமையலில் உப்புப் பார்க்கிறேன், வேக்காடு பார்க்கிறேன் என்று வாயில் போட்டது 90. மொத்தம் 665. உப்புப் பார்த்ததைக் கணக்கில் சேர்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது, அதுவரை அது சாப்பாடு என்றே நினைத்ததில்லை. இப்போது ஞாயிறு இரவும் திங்களும் குழம்பு மட்டும், துண்டு கிடையாது. ஞாயிறு மதியம் எட்டுத் துண்டு, 130. புதனும் வெள்ளியும் அப்படியே. வேக்காடு பார்க்க ஒரு துண்டை நகத்தால் கிள்ளுகிறேன், 50க்குள் அடங்குகிறது. மொத்தம் 450. விருந்துகள் வரிசையாக வரும் தீபாவளி வாரத்தில் இது நடக்காது. அடுத்த வாரம் மீனும் கோழியுமாகப் போகும். இந்த வரம்பு நீண்டகாலப் பழக்கத்துக்கானது. 501வது கிராமில் ஒன்றும் ஆகிவிடாது, அதிகம் சாப்பிடச் சாப்பிட அபாயம் மெல்ல ஏறுகிறது, அவ்வளவுதான்.

சாசேஜ், பேக்கன், டின்னில் வரும் லஞ்சன் மீட் போன்ற பதப்படுத்திய இறைச்சிக்கு இந்த 500 கிராமில் இடமில்லை. அவை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பதுதான் அதே நிதியத்தின் சொல். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது, சிவப்பு இறைச்சியை அதற்கு ஒரு படி கீழே, 'அநேகமாக உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் வைத்தது. எல்லோரும் இதை ஒரே குரலில் ஒப்புக்கொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 2019இல் ஓர் ஆய்வுக் குழு, சான்றுகள் பலவீனமானவை, இப்போது சாப்பிடும் அளவிலேயே தொடரலாம் என்று எழுதிப் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. எனக்கு ஏற்கெனவே ஒரு கட்டியை எடுத்திருக்கிறார்கள், அதனால் நான் வாதத்தில் இறங்காமல் எட்டுத் துண்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

குறைக்கக் கூடாத ஆளும் என் வீட்டிலேயே இருக்கிறாள். மகளுக்கு இரும்புச் சத்துக் குறைவு, மருத்துவர் மாத்திரையும் கொடுத்திருக்கிறார். அந்த ஹீம் இரும்புதான் உடலில் எளிதாகச் சேர்வது, அவளோ மாதம் முழுவதுமே வரம்பின் பாதியைக்கூடத் தொடுவதில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை என் தட்டில் குறைந்த துண்டுகள் அவள் தட்டுக்குப் போகின்றன. எலும்பை மட்டும் எனக்குத் திருப்பித் தருகிறாள், உள்ளே இருக்கும் மஜ்ஜையை உறிஞ்ச.